ஏற்காட்டு நத்தைக் கதை: படம் எப்போது மறைய வேண்டும், குரல் எப்போது நிற்க வேண்டும்?

நாகலூர் வாசகி

வணக்கம். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்காகத் தமிழில் ஓர் உறக்கநேரக் கதை அலைவரிசையை யூடியூபில் தொடங்கும் பணியில் நானும் என் தங்கையும் இருக்கிறோம். ஓவியம் தங்கையுடையது, குரல் என்னுடையது. முதல் கதை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நடக்கிறது. மழை விட்ட ஒரு மாலையில் ஒரு நத்தை தூங்குவதற்கு இடம் தேடி, காப்பிச் செடியிலிருந்து சில்வர் ஓக் மரம் வரை ஊர்ந்து போகிறது. வழியில் அணிலையும் கொண்டைக்குருவியையும் குரங்குக் குட்டியையும் ஒரு காட்டெருமையையும் சந்திக்கிறது. ஒவ்வொருவரும் கொட்டாவி விட்டு, தாம் எங்கே தூங்குவோம் என்று சொல்கிறார்கள்.

கதையின் நீளம் ஆறு நிமிடம். நாற்பது காட்சித் துண்டுகளாகப் பிரித்து வரைந்து வருகிறோம். தூங்க வைப்பதற்கென்று ஒரு படத்தைச் செய்துவிட்டு, அந்தப் படத்தின் ஒளியாலேயே குழந்தையை விழித்திருக்கச் செய்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. படத்தை எந்த இடத்தில், எப்படிக் குறைப்பது என்றும், ஒலியை எப்படி அமைப்பது என்றும் இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சூரமங்கலம் தந்தை

ஒளியைப் பற்றி நீங்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இப்போது எல்லாக் கைப்பேசிகளிலும் நீல ஒளியைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் திரை மஞ்சளாகிவிடும், தூக்கத்துக்குத் தடை இருக்காது. நாற்பது துண்டுகள் என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. 2011 இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வேகமான கேலிச்சித்திரப் படம் ஒன்றை ஒன்பது நிமிடம் காட்டிய பிறகு, கவனத்தையும் தன்னடக்கத்தையும் அளக்கும் சிறு பணிகளில் அவர்கள் மற்றக் குழந்தைகளைவிடப் பின்தங்கினார்கள். எனவே வேகத்தைக் குறைத்தால் போதும், மற்றவை தாமே சரியாகிவிடும்.

அஸ்தம்பட்டி படத்தொகுப்பாளர்

குழந்தைகளுக்கான படங்களுக்குத் தொகுப்பும் ஒலியும் செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே வரும்.

சூரமங்கலம் தந்தை குறிப்பிட்ட ஆய்வு உண்மையானது. ஆனால் அதே ஆய்வாளர் குழு 2015 இல் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வேகத்தைவிட, நடக்கவே முடியாத விசித்திரங்கள் அடுத்தடுத்து வருவதுதான் குழந்தையின் மனத்தை அதிகம் களைப்பாக்குகிறது என்ற முடிவுக்கு வந்தது. இரண்டு ஆய்வுகளும் கவனத்தைப் பற்றியவை, தூக்கத்தைப் பற்றியவை அல்ல. இருந்தாலும் நமக்கு அதில் ஒரு பயன் உண்டு. நத்தை இறக்கை முளைத்துப் பறப்பது போன்ற திருப்பங்களை உறக்கநேரக் கதையில் வைக்காமல் இருப்பது நல்லது. அடுத்து என்ன வரும் என்பதைக் குழந்தை முன்கூட்டியே சொல்லிவிடும்படி கதை இருக்க வேண்டும். அணில் கொட்டாவி விட்டால் குருவியும் விடும் என்று தெரிந்த பிறகுதான் குழந்தையின் உடல் தளரும்.

ஒளியைப் பொறுத்தவரை, மஞ்சள் வடிகட்டி ஓரளவுதான் உதவும். கண்ணில் விழும் மொத்த வெளிச்சத்தின் அளவும் முக்கியம். சிறு குழந்தையின் கண்மணி பெரியது, விழியின் ஆடி தெளிவானது. அதனால் பெரியவரின் கண்ணைவிட அதிக ஒளி உள்ளே போகிறது. 2018 இல் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளிமேசையில் விளையாட விட்டுப் பார்த்தபோது, உடலுக்குத் தூங்கும் நேரத்தை உணர்த்தும் மெலடோனின் என்ற சுரப்பு ஏறத்தாழ 88 விழுக்காடு அடங்கிப்போனது. அது ஒளிமேசை. கைப்பேசி அதைவிட மிகவும் மங்கலானது என்பதால் அந்த எண்ணை அப்படியே கைப்பேசிக்குப் பொருத்தக் கூடாது. ஆயினும் இந்த வயதில் ஒளிக்கு உடல் எவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஆகவே என் யோசனை இது: கதை முடிவதற்கு முன்பே படம் முடிந்துவிட வேண்டும். ஆறு நிமிடக் கதையில் நான்காம் நிமிடத்திலிருந்து படம் மெல்ல மங்கத் தொடங்கி, ஐந்தாம் நிமிடத்தில் திரை முழுக் கருப்பாகட்டும். கடைசி ஒரு நிமிடம் குரல் மட்டும். குரல் நின்ற பின் ஒன்றரை நிமிடம் மழைச் சத்தம். மொத்தம் ஏழரை நிமிடம். குரலும் மழையும் சேர்ந்த முழுக் கோப்பு கையில் இருந்தால், படத்தை மட்டும் மங்கச் செய்ய, ffmpeg என்ற படத்தொகுப்பு நிரலில் இந்த ஒரு கட்டளை போதும்:

```
ffmpeg -i nathai.mp4 -vf "fade=t=out:st=240:d=60" -c:a copy nathai_iravu.mp4
```

240 என்பது மங்கத் தொடங்கும் விநாடி, 60 என்பது மங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் விநாடிகள். ஒலி தொடப்படாமல் அப்படியே வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திரை கருப்பானதும் கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைத்துக் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் இருட்டு கதைக்குள்ளேயே ஒரு நிகழ்ச்சியாக வர வேண்டும். தோட்டத்துக் குடியிருப்பில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன என்று குரல் சொல்லச் சொல்லப் படத்திலும் அணையட்டும். கடைசி விளக்கும் அணைந்தபின் திரை இருட்டாக இருப்பது குழந்தைக்கு இயல்பாகவே தோன்றும்.

நாற்பது துண்டுகளை ஒன்பது பத்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சியும் அரை நிமிடமாவது நிற்கட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டித் தாவாமல் இரண்டு விநாடியில் கரைந்து மாறட்டும். நத்தையை நாயகனாக எடுத்தது நல்ல தேர்வு. கால்களை அசைக்க வேண்டியதில்லை, கொம்புகள் இரண்டும் மெல்ல நீண்டு சுருங்கினாலே உயிர் வந்துவிடும். தூங்கும் விலங்குகளுக்கு நான்கு விநாடிக்கு ஒருமுறை வயிறு ஏறி இறங்கும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அம்மாப்பேட்டை தறிக்காரர்

ஐயா சொன்னதில் ஒலியைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடுகிறது. என் பேரன் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறான். தறி ஓடிக்கொண்டிருக்கும் வரை அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. மின்சாரம் நின்று தறி நின்றுவிட்டால்தான் விழித்து அழுகிறான். அப்படியென்றால், குழந்தையைத் தூங்க வைக்க மெல்லிய குரல்தான் வேண்டும் என்பது எல்லாக் குழந்தைக்கும் பொருந்துமா?

அஸ்தம்பட்டி படத்தொகுப்பாளர்

உங்கள் பேரனைப் பற்றி நீங்கள் சொன்னது இந்தக் கேள்விக்கு மிகவும் தேவையானது, ஐயா. ஒலியின் அளவைவிட, ஒலி திடீரென்று மாறுவதுதான் தூங்கும் குழந்தையை எழுப்புகிறது. திடீர் அமைதியும் ஒரு மாற்றமே. எனவே கதையில் உரத்த இடமும் இருக்கக் கூடாது, குரல் நின்றவுடன் வெறுமை வந்துவிடவும் கூடாது. குரலுக்கு அடியில் முதலிலிருந்தே ஒரு மழைச் சத்தம் மிக மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்து, குரல் நின்ற பிறகும் தொடர்ந்து, கேட்பவருக்கே தெரியாமல் தேய்ந்து போக வேண்டும்.

மழையைப் பதிவு செய்வதிலும் கவனம் வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி வராது. நேரில் கேட்கும்போது கும்மென்று இருக்கும் மழை, அதில் எண்ணெய் பொரிவதைப் போலச் சீறும். 4000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் குறைத்துவிட்டால் அந்தச் சீறல் அடங்கும். சில்வண்டுச் சத்தத்தை முழுவதுமாகத் தவிர்ப்பது நல்லது. மலையில் இனிமையாக இருக்கும் அது கைப்பேசியில் காதைத் துளைக்கும். மேசையில் நல்ல ஒலிபெருக்கி வைத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். கைப்பேசியைத் தலையணையிலிருந்து கை நீட்டும் தூரத்தில் வைத்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். படம் இல்லாமல் கதை புரியாத இடம் எதுவோ, அந்த இடத்தில் எழுத்தைத் திருத்த வேண்டும்.

வாசிப்பின் வேகத்துக்கு நான் பின்பற்றும் அளவைச் சொல்கிறேன். நிமிடத்துக்கு அறுபது தமிழ்ச் சொற்களுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு மூச்சு இடைவெளி விட்டால், ஆறு நிமிடத்துக்கு முந்நூற்று ஐம்பது சொற்கள் போதும். உங்கள் எழுத்து அதைவிட நீளமாக இருந்தால் வேகமாக வாசிக்க முயலாமல் வெட்டிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்

அலைவரிசையை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பத்து விநாடியில் துள்ளலான இசையோடு பெயர் வர வேண்டும். பிறகு குழந்தைகளிடமே சந்தா செய்யச் சொல்ல வேண்டும். இறுதியில் அடுத்த கதையின் படத்தைத் திரையில் வைத்து, கருத்துப் பகுதியில் எந்த விலங்கு பிடித்தது என்று எழுதச் சொன்னால் பார்வைகள் பெருகும். முகப்புப் படம் சிவப்பிலும் மஞ்சளிலும் இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி படத்தொகுப்பாளர்

அவர் அதைக் கேட்கவில்லை என்றாலும், நீங்கள் எழுப்பியதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருப்பதால் பதில் சொல்கிறேன். குழந்தைகளின் தரவு தொடர்பாக அமெரிக்க வணிக ஆணையம் 2019 இல் யூடியூபுடன் 17 கோடி டாலர் தண்டத்தொகையில் ஓர் உடன்பாடு செய்தது. அதன் பிறகு, 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கான படம் என்றால் பதிவேற்றுபவரே அப்படிக் குறித்தாக வேண்டும். குறித்தால் கருத்துப் பகுதி மூடப்படும். இறுதித் திரையில் அடுத்த படத்துக்கான இணைப்பும் இடையில் வரும் அட்டைகளும் வராது. பார்ப்பவரின் பழக்கத்தை வைத்துக் காட்டும் விளம்பரமும் வராது. ஆகவே நீங்கள் சொன்னவற்றில் பாதிக்கு அங்கே இடமே இல்லை. துள்ளல் இசையும் சந்தாக் கோரிக்கையும் உறக்கநேரக் கதைக்கு நேர்மாறானவை. சந்தாவைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமானால் படத்தின் கீழுள்ள விளக்கத்தில் எழுதலாம்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்

விளக்கத்துக்கு நன்றி. வருமானம் இல்லாமல் இரண்டு பேர் எத்தனை நாள் வரைந்துகொண்டிருக்க முடியும் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும் என்றே எழுதினேன்.

கன்னங்குறிச்சி செவிலி

குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எடுத்துக்கொண்ட கவனம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது, இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலில் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. படத்தை எவ்வளவு மங்கச் செய்தாலும் முதல் நான்கு நிமிடம் குழந்தை திரையைப் பார்க்கத்தானே செய்கிறது? கதையை ஒலியாக மட்டும் கொடுங்கள், படத்தைப் பகலில் பார்க்கட்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்று, நத்தையைக் குழந்தை கையில் எடுத்து வைத்துக்கொள்வதைப் போல எங்கும் காட்டிவிடாதீர்கள். நத்தைகளில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும். மூன்று வயதுக் குழந்தை படத்தில் பார்த்ததை மறுநாள் காலையில் செய்து பார்க்கும், தொட்ட கையை வாயிலும் வைக்கும்.

ஒண்டிக்கடை தோட்டக் கணக்கர்

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். கதையில் இரண்டு இடங்கள் எனக்கு இடறுகின்றன. நத்தை இரவில்தான் நடமாடும், அதிலும் மழை விட்ட ஈரத்தில்தான் வெளியே வரும். தூங்க வேண்டிய நேரமாக நீங்கள் காட்டுவது அதற்கு எழுந்திருக்கும் நேரம். காட்டெருமையும் இருட்டிய பிறகு மேய வரும் விலங்கு.

காட்டெருமையைக் கதையிலிருந்தே எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே அவை தோட்டத்துக்குள்ளும் குடியிருப்புக்குப் பக்கத்திலும் வருவது வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு, அதைக் கண்டால் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் சொல்லி வளர்க்கிறோம். கொட்டாவி விட்டு நத்தையோடு கொஞ்சிப் பேசும் காட்டெருமையை ஒவ்வோர் இரவும் பார்க்கும் குழந்தை, வாசலில் நிற்கும் காட்டெருமையிடம் போக நினைத்தால் என்ன செய்வது? சேலத்துக் குழந்தைக்கு அது வெறும் படம், எங்கள் குழந்தைக்கு அப்படி இல்லை.

நாகலூர் வாசகி

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் சொன்னதைத் தங்கையோடு பேசினேன். நத்தை இரவில் விழித்திருப்பது என்பதை மறைக்காமல், அதையே கதையாக்கிவிட்டோம். இப்போது நத்தை இடம் தேடவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே போகிறது. அணில், குருவி, குரங்குக் குட்டி என்று மூன்று இடங்களில் நிற்கிறது. மூன்றும் இருட்டினால் மரத்தில் அடங்கிவிடுபவை. காட்டெருமை இல்லை. மனிதர் யாரும் நத்தையைத் தொடுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரே வரிகள்தான் வருகின்றன:

"நத்தை மெல்ல வந்தது. கிளையைப் பார்த்தது. அணில் தூங்குகிறது. வால்தான் போர்வை. நல்லது, நல்லது என்று நத்தை சொன்னது. மெல்ல நகர்ந்தது."

குருவிக்கு இறகு போர்வை, குரங்குக் குட்டிக்கு அம்மாவின் கை போர்வை. அதன் பிறகு குடியிருப்பின் விளக்குகள் அணைகின்றன. இருட்டில் குரல் மட்டும் தொடர்ந்து, கதை கேட்கும் குழந்தையின் போர்வையைப் பற்றிச் சொல்கிறது. எழுதி எண்ணியபோது முந்நூற்று இருபது சொற்கள் வந்தன. காட்சிகள் ஒன்பதாகிவிட்டன.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. தங்கை இரவுக் காட்சிகளை நீலத்தில் வரைந்திருக்கிறாள், மலையின் மூடுபனியை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மெல்லக் கரையும்படி தீட்டியிருக்கிறாள். கணினியில் அழகாக இருக்கிறது. பதிவேற்றிக் கைப்பேசியில் பார்த்தால் பனி முழுவதும் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் தெரிகிறது.

அஸ்தம்பட்டி படத்தொகுப்பாளர்

பதிவேற்றும்போது கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இருண்ட நிறங்களை ஒரே நிறமாக்கிவிடுவார்கள். அதனால்தான் பட்டை விழுகிறது. மூடுபனியைக் கரையும் வண்ணமாகத் தீட்டாமல், காகிதத்தைக் கிழித்து அடுக்கியதைப் போல மூன்று நான்கு தட்டையான அடுக்குகளாக வரையச் சொல்லுங்கள். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வெவ்வேறு வேகத்தில் மெல்ல நகர்ந்தால் பனி அசைவதாகவே தெரியும், வேலையும் குறையும். கரையும் வண்ணம்தான் வேண்டும் என்றால் அதன்மேல் மெல்லிய மணல் துகள் போன்ற பரப்பைச் சேர்த்தால் பட்டை ஓரளவு மறையும்.

இரவை நீலத்தில் வரைவது ஓவியர்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் நாம் தவிர்க்க வேண்டிய ஒளியும் அதுவே. காப்பிக் கொட்டையின் பழுப்பு, மண் சிவப்பு, விளக்கொளியின் மங்கிய மஞ்சள் ஆகியவற்றில் இரவைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னலை மட்டும் எந்த நிறத்திலும் வைக்க வேண்டாம். பளிச்சிடும் ஒளி தூக்கத்தைக் கலைப்பதோடு, சில குழந்தைகளுக்கு வலிப்பையும் தூண்டலாம்.

செவிலி அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஒலி மட்டும் என்பதே மிகச் சிறந்தது. ஆனால் பல வீடுகளில் படுக்கையில் ஏற்கெனவே கைப்பேசி இருக்கிறது. அந்த வீட்டில் ஒலிக்கோப்பை மட்டும் கொடுத்தால், குழந்தை அதை விட்டுவிட்டு வேறு படத்தைக் கேட்கும். நான்கு நிமிட மங்கிய படம் அங்கே ஒரு படிக்கட்டு.

கன்னங்குறிச்சி செவிலி

அந்தப் படிக்கட்டிலேயே குழந்தை உட்கார்ந்துவிடும் என்பதுதான் என் அச்சம். இரண்டு வடிவத்தையும் ஒரே நாளில் வெளியிட்டு, படத்தின் விளக்கத்தில் முதல் வரியாக ஒலி வடிவத்தைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்வீர்களானால் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும்.

அம்மாப்பேட்டை தறிக்காரர்

குரலுக்குப் பிறகு ஒன்றரை நிமிட மழை போதாது, அம்மா. குழந்தை அந்த நேரத்தில் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். பத்து நிமிடமாவது மழை ஓடினால் நல்லது.

சூரமங்கலம் தந்தை

பத்து நிமிட மழை சேர்த்தால் படம் எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். எட்டு நிமிடமும் அதற்கு மேலும் உள்ள படங்களில்தான் இடையில் விளம்பரம் வர வழியுண்டு என்பது 2020 இலிருந்து இருக்கும் விதி. தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் காதருகே மழைக்கு நடுவில் ஒரு சோப்பு விளம்பரம் ஒலித்தால் நாம் செய்த அனைத்தும் வீண். ஏழரை நிமிடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு.

அஸ்தம்பட்டி படத்தொகுப்பாளர்

விதியைச் சரியாகச் சொன்னீர்கள். வருமானத் திட்டத்தில் சேர்ந்த அலைவரிசை என்றால் இடைவிளம்பரத்தை அந்தந்தப் படத்துக்கு நாமே நிறுத்தி வைக்கலாம். புதிய அலைவரிசைக்கு அந்த உரிமை இல்லை, ஆனாலும் யூடியூப் அதில் விளம்பரம் காட்டலாம். ஏழரை நிமிடத்தில் நிறுத்தினாலும் ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை. பெற்றோரின் கைப்பேசியில் தானியங்கி ஓட்டம் இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் மழை முடிந்ததும் வேறு யாருடைய படமோ முழு ஒலியில் தொடங்கும். குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் செயலியில் நேரக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும், படத்தைச் செய்பவரால் முடியாது. நீளமா குறுக்கமா என்பதில் எனக்கும் இன்னும் ஒரு முடிவில்லை.

நாகலூர் வாசகி

இப்போதைக்கு இப்படிச் செய்யப் போகிறோம். படம் ஏழரை நிமிடத்தில் நிற்கும். ஒலிக்கோப்பில் மட்டும் தறிக்கார ஐயா கேட்டபடி பத்து நிமிட மழை இருக்கும். அதை யூடியூபில் வைக்காமல், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும்படி தனியாகக் கொடுக்கிறோம். பழுப்பு நிற இரவைத் தங்கை வரையத் தொடங்கிவிட்டாள். குரல் பதிவை எங்கள் வீட்டு உள்ளறையில், சுவர்களில் ஜமக்காளம் தொங்கவிட்டு, வண்டிகள் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால் போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி படத்தொகுப்பாளர்

ஒரு சாண் சரியான தூரம். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' வரும் இடங்களில் காற்று மோதாது. படுத்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போலக் குனிந்து பேசுங்கள், ஆனால் ரகசியக் குரலில் பேச வேண்டாம். ரகசியக் குரல் கைப்பேசியில் வெறும் மூச்சாகத்தான் கேட்கும். வாசிக்கத் தொடங்கும் முன் அந்த அறையின் அமைதியைப் பத்து விநாடி தனியாகப் பதிவு செய்யுங்கள், வாக்கியங்களை வெட்டி ஒட்டும் இடங்களில் அது தேவைப்படும்.

ஒண்டிக்கடை தோட்டக் கணக்கர்

மழையைப் பதிவு செய்ய எங்கள் தோட்டத்துக்கு வரலாம். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்றால் இலையில் விழும் சத்தம் மென்மையாகக் கிடைக்கும். மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குமேல் காட்டெருமை நடமாட்டம் இருக்கும்.